ஒரே ட்வீட், இரண்டு தேதி: ஏபிஏ முறையில் எதைப் போடுவது?

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவில் ஊடகவியல் முதுகலை படிக்கிறேன். 2011இல் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட செய்தி, அதிபர் ஒபாமா அறிவிப்பதற்கு முன்பே ட்விட்டரில் எப்படிக் கசிந்தது என்பதுதான் என் கட்டுரை. மூன்று வகை ஆதாரம் வைத்திருக்கிறேன். ஒன்று, அந்த ஊரில் இருந்த சொஹைப் அத்தர் நடப்பது என்னவென்று தெரியாமலே போட்ட ட்வீட்டுகள். இரண்டாவது, அதைப் பற்றி மறுநாள் வந்த பத்திரிகைச் செய்திகள். மூன்றாவது, ஒபாமா பேசிய யூடியூப் வீடியோ.

சிக்கல் முதல் ட்வீட்டிலேயே தொடங்கிவிட்டது. "Helicopter hovering above Abbottabad at 1AM (is a rare event)." என்பதுதான் அது. என் கணினியில் அதைத் திறந்தால் மே 1, 2011 என்று காட்டுகிறது. கட்டுரையைச் சரிபார்த்துத் தரும் தோழி சென்னையில் இருக்கிறாள். அவள் திறந்தால் மே 2. நான் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டாள். ட்வீட்டிலேயே இரவு 1 மணி என்று இருப்பதால் அவள் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. எது சரி?

அப்படியே பத்திரிகைச் செய்தி, வீடியோ இரண்டையும் எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் ஏபிஏ மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பைக் கேட்கிறார்கள்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

இதில் குழப்பமே வேண்டாம். தேதியோடு நேரத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டால் முடிந்தது. ட்வீட் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் தேதி, அப்புறம் மணி, நிமிடம். நான் ஆங்கில இலக்கியத்தில் அப்படித்தான் எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேரம் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

கடைசிபெஞ்ச் தம்பி, நீங்கள் சொல்வது எம்.எல்.ஏ. முறை. இலக்கியத் துறைகளில் அதைத்தான் கேட்பார்கள். மேற்கோள் குறி, நேரம் எல்லாம் அங்கிருந்து வருபவை. ஏபிஏவில் ட்வீட்டுக்கு நேரம் போடுவதில்லை. ஆண்டு, மாதம், நாள் மட்டும்தான். வாசகமும் மேற்கோள் குறிக்குள் வராது, சாய்வெழுத்தில் வரும்.

மழைக்குருவி, நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்களின் ஆதாரப் பட்டியலைத் திருத்துவது என் அன்றாட வேலை. தேதிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் ட்வீட்டை முழுதாக எழுதிக் காட்டுகிறேன். கீழே * குறிகளுக்கு நடுவில் இருப்பது சாய்வெழுத்து:

```
Athar, S. [@ReallyVirtual]. (2011, May 1). *Helicopter hovering
above Abbottabad at 1AM (is a rare event)* [Post]. X.
https://x.com/ReallyVirtual/status/64780730286358528
```

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆளின் உண்மையான பெயர் தெரிந்தால் அதுதான் முன்னால் வரும். பெயர் தெரியாமல் கணக்கின் பெயர் மட்டும் இருந்தால், சதுர அடைப்பு இல்லாமல் அதையே ஆசிரியர் இடத்தில் போட வேண்டும். உங்களிடம் இரண்டும் இருப்பதால் பெயரைப் போட்டு, கணக்கைச் சதுர அடைப்பில் தருகிறோம். கட்டுரைக்குள் எழுதும்போது கணக்கின் பெயர் வேண்டாம், `(Athar, 2011)` போதும்.

தலைப்பு இடத்தில் ட்வீட்டின் முதல் 20 சொற்கள் வரும். இந்த ட்வீட்டில் மொத்தமே 10 சொற்கள்தான், ஆகவே முழுவதும் வந்துவிடுகிறது. நீளமானதாக இருந்தால் 20வது சொல்லில் நிறுத்திவிடுங்கள். ஹேஷ்டேக், லிங்க், எமோஜி ஒவ்வொன்றும் ஒரு சொல்லாகக் கணக்கு. அவற்றை நீக்கக் கூடாது. எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கட்டுரைத் தலைப்புக்கும் வீடியோ தலைப்புக்கும் முதல் சொல்லையும் சிறப்புப் பெயர்களையும் தவிர மற்றவற்றைச் சிறிய எழுத்தாக மாற்றச் சொல்கிறது ஏபிஏ. அதே பழக்கத்தில் ட்வீட்டையும் மாற்றிவிடுகிறார்கள். ட்வீட் எழுதியவர் எழுதியபடியே இருக்க வேண்டும். "1AM" என்று அவர் ஒட்டி எழுதியிருந்தால் நீங்களும் ஒட்டித்தான் எழுத வேண்டும்.

---

தேநீர்வேளை எழுதியது:

ஒரு திருத்தம். 2011இல் எக்ஸ் என்று ஒன்றே கிடையாது. அது ட்விட்டர்தான், அது ட்வீட்தான். ஏழாம் பதிப்புப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. அதில் `[Tweet]. Twitter.` என்றுதான் மாதிரி போட்டிருக்கிறார்கள். ஊடக வரலாறு எழுதும் ஒருவர், 2011 சம்பவத்துக்கு எக்ஸ் என்று போட்டால் வரலாற்றையே மாற்றுவது போல இருக்கிறது.

---

அடிக்குறிப்பு எழுதியது:

தேநீர்வேளை, புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தப் புத்தகம் 2019 அக்டோபரில் வெளிவந்தது. ட்விட்டர் பெயர் மாறியது 2023 ஜூலையில். அதன் பிறகு ஏபிஏ தன் இணையதளத்தில் இருக்கும் மாதிரிகளை `[Post]. X.` என்று மாற்றிவிட்டது. அங்கே எடுத்துக்காட்டாக வைத்திருப்பவற்றில் பெயர் மாறுவதற்கு முன்பு வந்த பதிவும் இருக்கிறது. அதையும் எக்ஸ் என்றே போட்டிருக்கிறார்கள். காரணம், அந்த இடம் பதிவு பிறந்த காலத்தைச் சொல்வதற்கு இல்லை. இன்று படிப்பவர் எந்தத் தளத்தில் போய்ப் பார்ப்பார் என்பதைச் சொல்வதற்கு.

ஆனால் கட்டுரையின் உடலில் "ட்விட்டரில் அத்தர் எழுதினார்" என்று தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். அங்கே வரலாறு பேசுகிறீர்கள். பட்டியலில் எக்ஸ், உடலில் ட்விட்டர் என்று இருப்பது முரண் அல்ல.

---

தேநீர்வேளை எழுதியது:

சரி, படிப்பவர் போய்ப் பார்க்கும் இடம் என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய வாதம். ஆனால் என் ஆய்வு வழிகாட்டி அச்சுப் புத்தகத்தை மட்டும்தான் ஏற்கிறார். இணையதளத்தில் மாற்றினால் அது பதிப்பு ஆகிவிடாது என்பது அவர் வாதம். அப்படிப்பட்டவர்களிடம் படிக்கிறவர்கள் என்ன செய்வது?

---

அடிக்குறிப்பு எழுதியது:

அவர் கேட்பதையே கொடுங்கள். மதிப்பெண் போடுகிறவர் எழுதிக் கொடுத்த வழிகாட்டி ஒன்று இருந்தால், அதுதான் உங்களுக்கு முதல் விதி. ஒன்றே ஒன்று: பட்டியல் முழுவதும் ஒரே மாதிரி இருக்கட்டும். பாதி ட்விட்டர், பாதி எக்ஸ் என்று கலந்து வந்தால் இரண்டு தரப்புமே அதைப் பிழை என்றுதான் சொல்லும்.

---

பாரதிநகர் எழுதியது:

தேதிக் கேள்விக்கு வருகிறேன். நான் தரவுப் பக்கம் வேலை செய்பவன், மேற்கோள் முறை அதிகம் தெரியாது. ஆனால் ட்வீட் எப்போது பிறந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

ட்வீட் முகவரியின் கடைசியில் இருக்கும் நீளமான எண் சும்மா வரிசை எண் அல்ல. 2010 நவம்பரில் இருந்து ட்விட்டர் அந்த எண்ணுக்குள்ளேயே நேரத்தை வைத்துத்தான் உருவாக்குகிறது. கடைசி 22 பிட்டுகளை விட்டுவிட்டு, ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் மில்லி நொடிக் கணக்கில் நேரம் வந்துவிடும்:

```
(64780730286358528 >> 22) + 1288834974657 = 1304279904325
```

இதை வழக்கமான நேரமாக மாற்றினால், உலகப் பொது நேரப்படி 2011 மே 1, 19 மணி 58 நிமிடம். டொராண்டோவில் அப்போது மே 1 பிற்பகல் 3:58. பாகிஸ்தானில் மே 2 நள்ளிரவு தாண்டி 12:58. சென்னையில் மே 2 அதிகாலை 1:28. அத்தர் "1AM" என்று எழுதியதோடு இது பொருந்துகிறது, பாருங்கள்.

ஆக தோழியும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. தளம் பார்ப்பவரின் கருவி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிக் காட்டுகிறது. பத்திரிகைச் செய்திக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் வேறு தேதி இருந்தால் அதுவும் இதனால்தான். அதை எடுத்தவர் எந்த ஊரில் இருந்தாரோ அந்த ஊர்த் தேதி அது.

2010 நவம்பருக்கு முந்தைய ட்வீட்டுகளில் இந்தக் கணக்கு எடுபடாது. ஹட்சன் நதியில் விமானம் இறங்கியபோது ஜேனிஸ் க்ரம்ஸ் போட்ட 2009 ஜனவரி ட்வீட் ஊடகவியல் வகுப்புகளில் அடிக்கடி வரும். அதன் எண் வெறும் 10 இலக்கம்தான், உள்ளே நேரம் இல்லை.

---

மழைக்குருவி எழுதியது:

பாரதிநகர் அண்ணா, மிக்க நன்றி. இந்தக் கணக்கைத் தோழிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். ஆனாலும் பட்டியலில் ஒரு தேதிதானே போட முடியும். மே 1ஆ, மே 2ஆ?

---

அடிக்குறிப்பு எழுதியது:

நேர மண்டலத்துக்கென்று விதி சொல்லும் பகுதியை நான் ஏபிஏவில் பார்த்ததில்லை. நான் மாணவர்களுக்குச் சொல்வது: உங்கள் திரையில் தெரியும் தேதியைப் போடுங்கள், எல்லாப் பதிவுக்கும் அதே கணினியில் பார்த்துப் போடுங்கள். டொராண்டோவில் இருந்து எழுதுகிறீர்கள், மே 1 போடுங்கள்.

ஆனால் உங்கள் கட்டுரையின் வாதமே யார் முந்தினார்கள் என்பது. அதனால் நேரத்தைப் பட்டியலிடம் ஒப்படைக்காதீர்கள். வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இப்படி: அபோட்டாபாத் நேரப்படி மே 2 நள்ளிரவு 12:58க்கு அத்தர் எழுதினார் `(2011a)`, அப்போது வாஷிங்டனில் மே 1 பிற்பகல் 3:58. ஒபாமா பேசத் தொடங்கியது வாஷிங்டன் நேரப்படி மே 1 இரவு 11:35. ஏழரை மணி நேர இடைவெளி படிப்பவர் கண் முன்னால் வந்துவிடும்.

---

பர்வீன்_ஆய்வு எழுதியது:

இதில் நான் அடிக்குறிப்பு சாரோடு முழுதாக உடன்படவில்லை. சம்பவம் நடந்த இடத்தின் தேதியைத்தான் போட வேண்டும் என்பேன். ட்வீட்டின் வாசகத்திலேயே "1AM" என்று இருக்கிறது. பக்கத்தில் மே 1 என்று போட்டால் மே 1 அதிகாலை 1 மணி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதாவது சம்பவத்துக்கு ஒரு நாள் முந்தி! அது உண்மையிலேயே தவறான பொருள் தருகிறது. எங்கள் துறையில் போராட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் சம்பவ இடத்து நேரத்தையே வைத்துக்கொண்டு, முறையியல் பகுதியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவோம்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

பர்வீன், இந்த ட்வீட்டைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். டொராண்டோவில் இருக்கும் பேராசிரியர் லிங்க்கைத் திறந்தால் மே 1 என்று பார்ப்பார், பட்டியலில் மே 2 என்று இருக்கும். சரிபார்க்கிறவருக்கு முறையியல் பகுதி நினைவில் இருக்காது. பத்துப் பதினைந்து பதிவுகளை ஆராயும் கட்டுரை என்றால் உங்கள் வழி, இரண்டே ட்வீட் என்றால் என் வழி என்று வைத்துக்கொள்ளலாமா?

---

பர்வீன்_ஆய்வு எழுதியது:

எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை சார். ஒரே ட்வீட் ஆனாலும் அர்த்தம் மாறக் கூடாது. ஆனால் நேரத்தை வாக்கியத்தில் சொல்லச் சொன்னீர்கள், அது இருந்தால் என் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மழைக்குருவி, எந்த வழியை எடுத்தாலும் அந்த வாக்கியத்தை விட்டுவிடாதே.

---

மழைக்குருவி எழுதியது:

நிச்சயமாக அக்கா. அடிக்குறிப்பு சார் `2011a` என்று போட்டிருந்தார். நான் எடுத்திருக்கும் இன்னொரு ட்வீட், அறிவிப்புக்குப் பிறகு அவர் போட்ட "Uh oh, now I'm the guy who liveblogged the Osama raid without knowing it." எது a, எது b என்பதும் தேதியைப் பொறுத்து மாறுமா? என் திரையில் முதலாவது மே 1, இது மே 2. தோழியின் திரையில் இரண்டுமே மே 2.

---

அடிக்குறிப்பு எழுதியது:

நல்ல கேள்வி. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு என்றால் கட்டுரைக்குள் ஆண்டு மட்டும் போட்டால் எது எதுவென்று தெரியாது. அதனால்தான் a, b. நாள் வரை தேதி இருக்கும் பதிவுகளைக் கால வரிசையில் அடுக்குவோம், முந்தியது a. ஒரே நாள் என்றால் தலைப்பின் அகர வரிசை. உங்கள் விஷயத்தில் H முன்னால், U பின்னால். ஆகவே டொராண்டோவில் உட்கார்ந்து அடுக்கினாலும் சென்னையில் உட்கார்ந்து அடுக்கினாலும் ஒரே விடைதான்:

```
Athar, S. [@ReallyVirtual]. (2011a, May 1). *Helicopter hovering
above Abbottabad at 1AM (is a rare event)* [Post]. X.
https://x.com/ReallyVirtual/status/64780730286358528

Athar, S. [@ReallyVirtual]. (2011b, May 2). *Uh oh, now I'm the guy
who liveblogged the Osama raid without knowing it* [Post]. X.
https://x.com/ReallyVirtual/status/64912440353234944
```

எழுத்து ஆண்டோடு ஒட்டி வரும், நாளோடு அல்ல. `(2011, May 1a)` என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

---

தேநீர்வேளை எழுதியது:

பத்திரிகைச் செய்திக்கு நான் சொல்கிறேன், அது சுலபம். எழுதியவர் பெயர், தேதி, செய்தித் தலைப்பு, பத்திரிகை பெயர் சாய்வெழுத்தில், லிங்க். நியூயார்க் டைம்ஸ் ஆனாலும் பிபிசி ஆனாலும் இதேதான்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

நியூயார்க் டைம்ஸுக்கு நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பிபிசிக்கு இல்லை. ஊடகவியல் மாணவர்களின் பட்டியலில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

ஏபிஏ இரண்டையும் பிரிக்கிறது. பத்திரிகை என்ற ஒன்று இருந்து, அதன் இணையதளத்தில் வந்த செய்தி என்றால் பத்திரிகையின் பெயர் சாய்வு, செய்தித் தலைப்பு நேர். பத்திரிகையே இல்லாத செய்தித் தளம் என்றால் தலைகீழ். அதைச் சாதாரண இணையப் பக்கம் போலத்தான் நடத்துகிறது. செய்தித் தலைப்பு சாய்வு, தளத்தின் பெயர் நேர். பிபிசி, சிஎன்என், ராய்ட்டர்ஸ் எல்லாம் இந்த இரண்டாவது கூட்டத்தில்:

```
Author, A. A. (2011, May 2). Title of article. *The New York Times*. URL

Author, A. A. (2011, May 2). *Title of article*. BBC News. URL
```

மேற்கோள்களைச் சேமிக்கும் சொடேரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், `Item Type` என்ற இடத்தைப் பாருங்கள். `Newspaper Article` என்று இருந்தால் முதல் வடிவம் வரும், `Web Page` என்று இருந்தால் இரண்டாவது. பட்டனை அழுத்திச் சேமித்த செய்திகளில் இது சில நேரம் மாறி விழுந்திருக்கும். பட்டியலில் சாய்வெழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும். தப்பாக இருந்தால் வகையை மாற்றுங்கள். வேர்டில் கையால் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி ஆகிவிடும்.

பிபிசிச் செய்தியில் எழுதியவர் பெயர் இல்லாவிட்டால், ஆசிரியர் இடத்தில் `BBC News` வரும். அப்போது கடைசியில் தளத்தின் பெயரை மறுபடி எழுத வேண்டாம்.

---

தேநீர்வேளை எழுதியது:

இந்தப் பிரிவினை எனக்குப் புதிது. பத்திரிகையா, தளமா என்று சந்தேகம் வரும் இடங்களில் எப்படி முடிவு செய்கிறீர்கள்? அச்சை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் வரும் பத்திரிகைகள் இருக்கின்றனவே. பிரிட்டனில் இண்டிபெண்டன்ட் 2016இல் அச்சை நிறுத்தியது.

---

அடிக்குறிப்பு எழுதியது:

அதை நான் இன்னும் பத்திரிகையாகவே போடுகிறேன். பத்திரிகை என்ற பெயரோடு பிறந்து வளர்ந்தது என்பதால். வேறு நூலகர் இணையப் பக்கமாகப் போட்டால் நான் அடித்துத் திருத்தமாட்டேன்.

---

யாழ்வாசகி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என்னுடைய பிரச்சினை கொஞ்சம் வேறு. கொழும்பில் ஊடகக் கற்கை படிக்கிறேன், கட்டுரை ஆங்கிலத்தில். ஆனால் நான் ஆராய்வது தமிழ் நாளிதழ் செய்திகளும் தமிழ் யூடியூப் விவாதங்களும். தலைப்பைத் தமிழிலேயே போடலாமா, இல்லை மொழிபெயர்த்துப் போட வேண்டுமா? விரிவுரையாளர் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

---

பர்வீன்_ஆய்வு எழுதியது:

யாழ்வாசகி, இதே நிலைதான் எனக்கும். ஏபிஏ சொல்வது: ரோமன் எழுத்தில் இல்லாத மொழி என்றால் தலைப்பை ஒலிபெயர்த்து எழுதி, பக்கத்தில் சதுர அடைப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். சும்மா ஒரு மாதிரித் தலைப்பு நானே போட்டுக் காட்டுகிறேன்:

```
*Chennaiyil kanamazhai* [Heavy rain in Chennai] [Video]. YouTube.
```

ஒலிபெயர்ப்பு மட்டும்தான் சாய்வு, மொழிபெயர்ப்பு நேர். வகையைச் சொல்லும் `[Video]` அதற்குப் பிறகு தனி அடைப்பில். தமிழ் ட்வீட்டுக்கும் இதேபோல் செய்கிறேன். 20 சொற்களைத் தமிழில் எண்ணி நிறுத்திவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் மொழிபெயர்க்கிறேன்.

---

யாழ்வாசகி எழுதியது:

நன்றி அக்கா. ஒலிபெயர்ப்பில் "மழை" என்பதை zh போட்டு எழுதுவதா, அகராதிகளில் வருவது போல ḻ என்று கோடு போட்டு எழுதுவதா?

---

பர்வீன்_ஆய்வு எழுதியது:

நான் zh வைத்து எழுதுகிறேன், தேடும்போது கிடைக்க வேண்டும் என்பதற்காக. என் நெறியாளர் கோடு போட்ட எழுத்தைத்தான் விரும்புகிறார். உன் துறையில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள். எதை எடுத்தாலும் ஒரே தலைப்பில் இரண்டையும் கலக்காதே.

---

பாரதிநகர் எழுதியது:

யூடியூப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. ஒபாமா பேசும் வீடியோவுக்கு ஆசிரியர் ஒபாமாதானே?

---

அடிக்குறிப்பு எழுதியது:

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏபிஏவில் வீடியோவை யார் ஏற்றினார்களோ அவர்தான் ஆசிரியர், பேசுகிறவர் அல்ல. ஒபாமாவின் அந்தப் பேச்சைப் பல செய்திச் சேனல்களும் தனித்தனியாக ஏற்றியிருக்கின்றன. நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி என்பதைச் சேனல் பெயர்தான் சொல்லும். வெள்ளை மாளிகை ஏற்றிய பிரதி என்றால் இப்படி:

```
The Obama White House. (2011, May __). *President Obama on death of
Osama bin Laden* [Video]. YouTube. URL
```

நாளைக் காலியாக விட்டிருக்கிறேன். வீடியோவுக்குக் கீழே விளக்கத்தை விரித்தால் ஏற்றிய தேதி முழுதாகத் தெரியும், அதை நிரப்புங்கள். பேச்சு நடந்த நாளும் ஏற்றிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டியலில் வருவது ஏற்றிய நாள்.

சேனல் பெயரையும் கவனியுங்கள். ஒபாமா பதவியில் இருந்தபோது அது வெள்ளை மாளிகையின் சேனல். 2017இல் ஆட்சி மாறியபோது பழைய வீடியோக்கள் ஒபாமா கால ஆவணமாகத் தனிப் பெயருக்குப் போய்விட்டன. இன்று திரையில் தெரியும் பெயரைத்தான் போட வேண்டும். எக்ஸ் விஷயத்தில் சொன்ன அதே காரணம். தலைப்பில் யூடியூப் `Death` என்று பெரிய எழுத்தில் வைத்திருக்கும், அதை நான் சிறிய எழுத்தாக மாற்றியிருக்கிறேன். பெயரின் பகுதி என்பதால் `bin` மாறவில்லை.

ஒபாமா பேசினார் என்பதை வாக்கியத்தில் எழுதுங்கள். அவர் சொன்ன வரியை மேற்கோள் காட்டினால், பக்க எண்ணுக்குப் பதிலாக அந்த வரி தொடங்கும் நிமிடமும் நொடியும் வரும். அவர் பேசியது ஒன்பது நிமிடத்துக்கு மேல் என்பதால், அது இல்லாமல் தேடச் சொல்வது படிப்பவருக்குக் கஷ்டம். வடிவம் `(The Obama White House, 2011, 1:15)` போல. எண்ணை உங்கள் வரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

எம்.எல்.ஏ. விஷயம் புரிந்தது சார், விளக்கியதற்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் ட்வீட் போட்டுவிட்டு அழித்துவிட்டார். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது. லிங்க் எதையும் திறக்காது. அதை எப்படிப் போடுவது?

---

அடிக்குறிப்பு எழுதியது:

முதலில் வேபேக் மெஷினில் அந்த ட்வீட்டின் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். யாராவது சேமித்து வைத்திருந்தால் அந்தச் சேமிப்பின் முகவரியையே கடைசியில் போடலாம், மற்றதெல்லாம் வழக்கம்போல.

கிடைக்காவிட்டால், அந்த ட்வீட்டை வெளியிட்ட செய்தி இருக்கிறதா பாருங்கள். அரசியல்வாதி அழித்த ட்வீட் என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு செய்தியில் இருக்கும். அப்போது நீங்கள் உண்மையில் நம்பியிருப்பது அந்தச் செய்தியைத்தான். பட்டியலில் செய்தியை மட்டும் சேருங்கள், கட்டுரைக்குள் `as cited in` என்று போட்டு அந்தச் செய்தியைக் காட்டுங்கள்.

இரண்டுமே இல்லையென்றால் கைவசம் இருப்பது படிப்பவர் போய்ப் பார்க்க முடியாத ஒன்று. ஏபிஏ அப்படிப்பட்டதைத் தனிப்பட்ட தொடர்பு என்ற வகையில் கட்டுரைக்குள் மட்டும் குறிப்பிடச் சொல்கிறது, பட்டியலில் வராது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் உருவாக்க முடியும் என்பதால், வாதத்தின் முக்கியமான இடத்தை அதன் மேல் மட்டும் வைக்காமல் இருப்பது நல்லது.

---

பர்வீன்_ஆய்வு எழுதியது:

இதில் ஒன்று சேர்க்கிறேன். அழிக்கப்பட்டது என்பதே உன் வாதம் என்றால், ஸ்கிரீன்ஷாட்டை எப்போது, யார் எடுத்தது என்று வாக்கியத்தில் எழுது தம்பி. நீயே எடுத்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்பது பெரிய வித்தியாசம். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் நான் பயன்படுத்தவே மாட்டேன்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

வாட்ஸ்அப்பில்தான் வந்தது அக்கா. செய்தியைத் தேடிப் பார்க்கிறேன்.

---

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசிபெஞ்ச் கேட்டதைப் படித்ததும் எனக்கும் ஒரு கேள்வி. அத்தரின் முதல் ட்வீட்டை நான் முதலில் ஒரு பிபிசிச் செய்திக்குள்தான் பார்த்தேன். அப்படியென்றால் நானும் `as cited in` போட வேண்டுமா?

---

அடிக்குறிப்பு எழுதியது:

வேண்டாம். எங்கே முதலில் பார்த்தீர்கள் என்பது முக்கியமல்ல. அப்புறம் மூல ட்வீட்டைத் திறந்து படித்துவிட்டீர்கள், தேதியே அதில் பார்த்ததுதான். அத்தர் என்ன எழுதினார் என்பதற்கு ட்வீட்டைக் காட்டுங்கள். அது எப்படிப் பரவியது, பிபிசி அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று எழுதும் இடத்தில் செய்தியைக் காட்டுங்கள். இரண்டும் பட்டியலில் தனித்தனியாக இருக்கட்டும். மூலம் திறக்காதபோதுதான் `as cited in`.

---

மழைக்குருவி எழுதியது:

புரிந்தது சார். பட்டியலில் மே 1 போட்டு, வாக்கியத்தில் மூன்று ஊர் நேரத்தையும் எழுதிவிட்டேன். பர்வீன் அக்கா சொன்ன வழியையும் பேராசிரியரிடம் சொல்லி, அவர் எதை விரும்புகிறார் என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.